பதினைந்து கையெழுத்துகளின் பலம்
மகளிர் குழுவின் தீர்மான நோட்டில் ஒரு வரி விட்டுப்போனால் யார் பணம் போகும்? கொச்சங்காடியில் ஒரு மாதக் கணக்கு.

மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்கு மண்டிகளுக்கு அருகே இருக்கிறது கொச்சங்காடி. சந்துகள் குறுகலானவை, வீடுகள் ஒன்றையொன்று ஒட்டியவை. மலையாளத்தோடு தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் வீட்டுக்குள் புழங்கும் வட்டாரம் இது. இங்கே ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் பத்து இருபது பெண்கள் நோட்டும் பணமுமாக உட்கார்ந்திருந்தால் அது பெரும்பாலும் குடும்பஸ்ரீயின் அயல்கூட்டம்தான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்பதற்குக் கேரளத்தில் உள்ள பெயர் அது.

கேரள அரசு 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் ஓர் அயல்கூட்டத்துக்கு 10 முதல் 20 உறுப்பினர்கள். தலைவி, செயலாளர், இன்னும் மூன்று பொறுப்பாளர்கள். வாரந்தோறும் கூடிச் சேமிப்பைச் செலுத்த வேண்டும். மாதக் கணக்கை முடிக்கும் கூட்டத்தில்தான் பெரிய முடிவுகள் வரும். யாருக்குக் கடன், எவ்வளவு, தவணை தவறியவரை என்ன செய்வது?

இந்தக் குழுக்கள் பொதுவாகச் சங்கமாகப் பதிவு செய்யப்படுவதில்லை. பதிவில்லாத குழுவும் வங்கியில் கணக்குத் தொடங்கலாம், கடன் வாங்கலாம் என்பதுதான் 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு ஆரம்பித்த சோதனைத் திட்டத்தின் அடிப்படை. அடமானம் கிடையாது. அதனால் குழு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வங்கி அதிகாரி கேட்பது புத்தகங்களைத்தான். அவற்றில் முதலாவது தீர்மான நோட்டு. கேரளத்துப் பெண்கள் அதை மினிட்ஸ் என்கிறார்கள்.

அதில் என்ன எழுத வேண்டும்? ஒரு மாதிரிக் குழுவின் மே மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர்கள் 15 பேர். வாரச் சேமிப்பு 50 ரூபாய், மாதத்துக்கு 200. உள்கடனுக்கு வட்டி நூற்றுக்கு மாதம் 1 ரூபாய். மாதம் பிறந்தபோது உறுப்பினர்களிடம் நிற்கும் கடன் 40,000 ரூபாய், கையிலும் வங்கியிலும் 5,300.

நல்ல நோட்டு இப்படிப் போகும்: “வந்தவர்கள் 13 பேர். வராதவர்கள் 4, 11-ம் எண் உறுப்பினர்கள். 4-ம் எண் பணம் கொடுத்தனுப்பினார். 11-ம் எண் அனுப்பவில்லை. சேமிப்பு வரவு 2,800. கடன் அசல் திரும்பியது 3,500. வட்டி 400. பழைய இருப்பு 5,300. மொத்தம் 12,000.”

அடுத்தது கடன். மூன்று பேர் கேட்கிறார்கள். மழைக்கு முன் கூரை மாற்ற 10,000, பள்ளிக்கூடச் செலவுக்கு 5,000, ஆஸ்பத்திரிச் செலவுக்கு 4,000. ஆக 19,000. இருப்பதோ 12,000. சண்டை வரக்கூடிய இடம் இதுதான். பல நோட்டுகளில் இந்த இடத்தில் ஒரே வரிதான் இருக்கும்: “கேட்டவர்களுக்குக் கடன் வழங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தால் இந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எளிய மொழியில் எழுதினால்: “ஆஸ்பத்திரிச் செலவு தள்ளிப்போட முடியாதது. 2-ம் எண் உறுப்பினருக்கு 4,000 முழுவதும். 9-ம் எண்ணுக்குப் பள்ளிச் செலவுக்கு 3,000. 6-ம் எண்ணுக்குக் கூரைக்கு இப்போது 4,000, மீதியைப் பற்றி அடுத்த மாதம் பேசுவது. மூவருக்கும் 10 தவணை, ஜூன் முதல். கையில் 1,000 அவசரத்துக்கு.” யாருக்கு ஏன் குறைந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. குறைவாகப் பெற்றவர் அடுத்த மாதம் நோட்டைக் காட்டியே மீதியைக் கேட்கலாம்.

இதைவிடச் சிக்கலானது தவணை தவறிய கணக்கு. 13-ம் எண் உறுப்பினர் மாதம் 1,000 கட்ட வேண்டியவர். கணவருக்கு வேலை குறைந்துவிட்டது. இந்த மாதம் வட்டி மட்டும் கட்டினார். அசல் பாக்கி 6,000. “உடனே கட்டும்படி எச்சரிக்கப்பட்டது” என்று எழுதுவது சுலபம். அப்படி எச்சரிக்கப்பட்டவர் அடுத்த கூட்டத்துக்கே வராமல் போகக்கூடும். உருப்படியான முடிவு இது: “மீதி 6,000-ஐ மாதம் 500 வீதம் 12 தவணையில் கட்டலாம். வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டும். நான்கு தவணை ஒழுங்காகக் கட்டும்வரை புதுக் கடன் இல்லை. இதை அவர் ஒப்புக்கொண்டார்.” கீழே அவர் கையெழுத்து. குழு அசலையும் விடவில்லை, ஆளையும் விடவில்லை. நாளை இன்னொருவருக்கு இதே நிலை வந்தால் எந்த அளவுகோல் என்பதும் எழுத்தில் இருக்கிறது.

கணக்கு சரியா என்று பார்க்க ஆடிட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போன மாதம் குழுவின் மொத்தப் பணம், நிற்கும் கடனும் இருப்புமாக 45,300. இந்த மாதச் சேமிப்பு 2,800, வட்டி 400 இரண்டையும் கூட்டினால் 48,500. இனி இந்தப் பக்கம் பாருங்கள். நிற்கும் கடன் 40,000-ல் திரும்பியது 3,500 போக 36,500. புதுக் கடன் 11,000 சேர்த்தால் 47,500. கையில் 1,000. ஆக 48,500. இரண்டும் ஒன்றாக வந்தால் கணக்கு நேர். வராவிட்டால் எங்கோ ஒரு வரவோ செலவோ நோட்டில் ஏறவில்லை.

நோட்டு பொய் சொன்னாலும் அடையாளம் இருக்கும். மாதம் தவறாமல் நூறு சதவீத வருகை. ஆறு மாதக் கூட்டங்களும் ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதியது போன்ற எழுத்து. யாருக்கும் எப்போதும் கடன் குறைக்கப்பட்டதில்லை. கூட்டத்தன்று கொடுத்ததாக எழுதிய பணம் வங்கிப் பாஸ்புத்தகத்தில் பத்து நாள் கழித்து எடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்து, தீர்மானத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே விட்ட வெற்றிடம். அங்கே பிறகு எதையும் எழுதிக்கொள்ளலாம். கடைசி வரியை ஒட்டிக் கோடு இழுத்து, அதன் கீழே கையெழுத்து வாங்குவதுதான் தற்காப்பு.

இது வெறும் பயமல்ல. 2023-ல் மேற்குக் கொச்சியிலேயே, போலிக் கையெழுத்து, போலி முத்திரைகளை வைத்துக் குடும்பஸ்ரீ குழுக்களின் பெயரில் வங்கிக் கடன் வாங்கியதாகப் புகார்கள் எழுந்தன. போலீஸ் கைது நடவடிக்கையும் எடுத்தது. இத்தகைய கடன் குழுவின் பெயரில் நிற்கும். வங்கியின் நோட்டீஸ் வந்த பிறகுதான் உறுப்பினர்களுக்கு விஷயமே தெரியும். அந்த நேரத்தில் “நாங்கள் அப்படித் தீர்மானம் போடவே இல்லை” என்று சொல்லக் கையில் ஆதாரம் வேண்டும். இடைவெளி இல்லாமல் எழுதி, பக்க எண்ணிட்டு, செயலாளர் வீட்டில் மட்டும் அடைந்து கிடக்காத நோட்டுதான் அந்த ஆதாரம்.

கொச்சங்காடி போன்ற இடத்தில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது. அயல்கூட்ட நோட்டு மலையாளத்தில். வீட்டில் தமிழ் பேசும் பெண்ணுக்கு மலையாளம் சரளமாகப் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராமல் இருக்கலாம். அவர் கையெழுத்துப் போடுவது தன்னால் படிக்க முடியாத ஒரு பக்கத்தில். ஆகவே கையெழுத்துக்கு முன் செயலாளர் தொகைகளையும் பெயர்களையும் உரக்கப் படிக்க வேண்டும். “நான் 200 கொடுத்தேன், 150 என்று படிக்கிறீர்களே” என்று ஒருவர் குறுக்கிட அதுவே நேரம். மறுநாள் வங்கி கவுன்டரில் அதே கேள்வியைக் கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருமில்லை.