எஸ்டிமேட்டில் ஒளிந்திருக்கும் மூவாயிரம் செங்கல்

வீடு கட்டுபவர்களில் பலர் எஸ்டிமேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறார்கள். மொத்தத் தொகையைப் பார்த்து, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பேரம் பேசுகிறார்கள். காண்டிராக்டரும் பத்தாயிரம் குறைப்பார். ஆனால் பணம் அதிகம் போகும் இடம் விலை அல்ல, அளவு. அதைச் சரிபார்க்கப் பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

வெளி அளவில் 30 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள ஒரு சிறிய வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் 9 அங்குலக் கனம், 10 அடி உயரம். எஸ்டிமேட்டில் சுற்றளவு 100 அடி, சுவரின் பரப்பு 1,000 சதுர அடி என்று இருக்கும். இங்கேயே ஒரு பிசகு. 30 அடிச் சுவர்கள் இரண்டும் மூலைவரை போய்விட்டால், குறுக்குச் சுவர்கள் அவற்றுக்கு இடையில்தான் நிற்க முடியும். இரு பக்கமும் 9 அங்குலம் கழித்தால் குறுக்குச் சுவரின் நீளம் பதினெட்டரை அடிதான். ஆக மொத்த நீளம் 97 அடி, பரப்பு 970 சதுர அடி. நான்கு மூலைகளும் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன.

அடுத்து திறப்புகள். முன்கதவு மூன்றரைக்கு ஏழு, பின்கதவு மூன்றுக்கு ஏழு, நாலுக்கு நாலு ஜன்னல் நான்கு. கூட்டினால் 109.5 சதுர அடி. இந்த இடத்தில் செங்கல் கிடையாது. ஜன்னலுக்கு மேல் வீட்டைச் சுற்றி அரையடி உயரத்துக்கு லிண்டல் கான்கிரீட் ஓடினால் அது இன்னொரு 48.5 சதுர அடி. லிண்டலுக்குத் தனி வரியில் பணம் கேட்டுவிட்டு, அதே இடத்துக்குச் செங்கல்லும் கேட்பது அடிக்கடி நடப்பது. எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 812 சதுர அடி.

இனி கல்லின் எண்ணிக்கை. கல்லை அளந்து பாருங்கள். 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம் என்றால், கலவைக்கு அரை அங்குலம் சேர்த்து ஒன்பதரைக்கு மூன்றரை. சுவரின் கனத்தில் இரண்டு கல் நிற்கும். உடைசலுக்கு ஐந்து சதவீதம் சேர்த்தாலும் சதுர அடிக்குச் சுமார் 9 கல்தான். கலவை இடத்தை மறந்து வெறும் கல்லை வைத்து வகுத்தால் 10.67 வரும். அந்தக் கணக்கோடு 1,000 சதுர அடியைப் பெருக்கினால் 10,670 கல். உண்மையில் தேவை சுமார் 7,310. கல் ஒன்று 10 ரூபாய் என்று வைத்தாலே வித்தியாசம் 33,000 ரூபாயைத் தாண்டும். எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பழைய எஸ்டிமேட்டை அப்படியே பிரதி எடுப்பதால் வருவதும் உண்டு.

பூச்சு வேலையில் இதே கண்டிப்பு செல்லாது. கதவு, ஜன்னலின் பக்கவாட்டுகளையும் பூச வேண்டியிருப்பதால், இந்த அளவுத் திறப்புகளுக்குச் சுவரின் ஒரு முகத்தில் மட்டும் கழிப்பதே இந்தியத் தர நிர்ணய விதியில் உள்ள முறை. இரு பக்கமும் கழிக்கச் சொல்லி மேஸ்திரியிடம் சண்டை போடாதீர்கள்.

மேல்தளத்தில் பிசகு வேறு மாதிரி வரும். தளம் 5 அங்குலம். அதை 0.5 அடி என்று எழுதிவிடுகிறார்கள். 5 அங்குலம் என்பது 0.42 அடிதான், 0.5 அடி என்றால் 6 அங்குலம். சரியான கன அளவு 250 கன அடி, தவறான கணக்கில் 300. ஒரு தசமப் புள்ளியில் 50 கன அடி கான்கிரீட் ஏறிவிடுகிறது.

சிமென்ட்டுக்கு வருவோம். ஜல்லியின் இடுக்கில் மணலும், மணலின் இடுக்கில் சிமென்ட்டும் புகுந்துகொள்வதால் கலவை சுருங்கும். அதனால் கன அளவை 1.54 ஆல் பெருக்க வேண்டும்: 385 கன அடி. ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற விகிதத்தில் சிமென்ட்டின் பங்கு ஐந்தரையில் ஒன்று, அதாவது 70 கன அடி. 50 கிலோ மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடி என்பதால் 56 மூட்டை. எஸ்டிமேட்டில் 67 இருந்தால் தளத்தின் கனத்தைப் பாருங்கள். 36 தான் இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். 1.54 விடுபட்டிருக்கிறது, தளம் போடும் நாளில் சிமென்ட் பாதியில் தீரும், அல்லது கலவையில் சிமென்ட் குறையும். இரண்டாவதுதான் ஆபத்து.

இதையெல்லாம் பார்க்க வேண்டுமானால் எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வேலைக்கும் எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் தனித்தனிப் பத்தியாக இருக்க வேண்டும். ‘செங்கல் வேலை, மொத்தம் இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் கொடுத்தால், அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.