ஹாலில் பறக்கும் வைஃபை மாடியில் ஏன் தவழ்கிறது?

மாடி அறையில் வீடியோ அழைப்பு திணறினால் வீட்டில் முதலில் திட்டு வாங்குவது இணைய இணைப்பு தந்த நிறுவனம்தான். புகார் கொடுத்ததும் வருகிறவர் ஹாலில், ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று வேகத்தைச் சோதித்துக் காட்டுவார். நீங்கள் பணம் கட்டும் 100 எம்பிபிஎஸ் அப்படியே வரும். அவர் போன பிறகு மாடியில் பழையபடி வட்டம் சுற்றும். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குள் வரும் கம்பியில் குறையில்லை. ரூட்டரிலிருந்து போனுக்குப் போகும் வழியில்தான் சிக்கல்.

இப்போது வீடுகளில் பொருத்தப்படும் ரூட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் உங்கள் வீட்டுப் பெயர் ஒருமுறையும், அதே பெயர் கடைசியில் 5G என்று சேர்ந்து இன்னொரு முறையும் தெரியலாம். இந்த 5G-க்கும் செல்போன் நிறுவனங்கள் விற்கும் 5G-க்கும் எந்த உறவும் கிடையாது. இது 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். பழைய 4G போனாக இருந்தாலும் அந்த அலைவரிசையைப் பிடிக்கும் வசதி இருந்தால் தாராளமாக இணையும்.

2.4-இன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5-க்கு அதில் பாதிதான். இரண்டையும் ஒரே சக்தியில் அனுப்பினால், திறந்த வெளியிலேயே 5 கிகாஹெர்ட்ஸில் போனுக்குக் கிடைக்கும் சக்தி ஏறக்குறைய கால் பங்குதான். நடுவில் செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் வந்தால் அது இன்னும் குறையும். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவை இரண்டு அலைகளையுமே மறிப்பவை. அப்படியென்றால் 5 எதற்கு? அதில் இடம் அதிகம். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாமல் மூன்று சேனல்கள்தான் வைக்க முடியும். 5-இல் அதைவிட நான்கு மடங்கு அகலமான சேனலைக்கூட ஒரு வீடே எடுத்துக்கொள்ளலாம். அருகில் இருந்தால் அந்த அகலம் முழுவதும் வேகமாகிறது.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே ஹாலின் மூலையில் ரூட்டர். ஒன்பது அங்குலச் சுவரைத் தாண்டி மாடிப்படி, அதற்கு மேல் கான்கிரீட் தளம், தளத்துக்கு மேலே படுக்கையறை. ஹாலில் 5-இல் 100 எம்பிபிஎஸ் முழுதாக வருகிறது, 2.4-இல் 50 அல்லது 60. மாடியில் கதை தலைகீழாகிறது. 5-இல் ஒரு நிமிடம் 15, அடுத்த நிமிடம் 2, பிறகு ஒன்றுமே இல்லை. 2.4-இல் 25, 30 என்று ஏற்ற இறக்கமில்லாமல் நிற்கிறது. வீடியோ அழைப்புக்கு 4 எம்பிபிஎஸ் போதும். தெளிவான படம் பார்க்க 5, 6 போதும். படுக்கையறைக்குத் தேவை வேகமல்ல, அறுபடாத இணைப்பு. அங்கே ‘மெதுவான’ அலைவரிசைதான் வேகமானது.

அப்படியானால் போனே 2.4-க்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஹாலில் 5-இல் இணைந்த போனை மாடிக்கு எடுத்துப் போனால், அந்த இணைப்பு நைந்துபோகும் வரை அது விடுவதில்லை. சிக்னலின் வலிமையை dBm என்ற அளவில், கழித்தல் குறியோடு சொல்வார்கள். எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம். -50 அருமை, -67 வரை வீடியோ அழைப்புக்குப் பழுதில்லை, -80 வந்தால் வேலைக்காகாது. ஐபோன் -70-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் வேறு இணைப்பைத் தேடவே தொடங்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. போனின் திரையில் தெரியும் கோடுகளையும் முழுக்க நம்ப வேண்டாம். ரூட்டர் அனுப்புவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே அவை காட்டும். போன் பேட்டரியில் ஓடுவது. அதன் குரல் ரூட்டரின் குரலைவிடச் சன்னம். அது திரும்பிச் சொல்வது ரூட்டரின் காதில் சரியாக விழாவிட்டால், மூன்று கோடு இருந்தும் பக்கம் திறக்காது.

சோதனை எளிது. தொல்லை வரும் இடத்திலேயே, கட்டிலில் என்றால் கட்டிலிலேயே, உட்கார்ந்து மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். முதலில் ஒரு பெயரில் இணைந்து, இரண்டு மூன்று முறை வேகத்தைப் பாருங்கள். பிறகு மற்றப் பெயரில். உச்ச வேகத்தை விட்டுவிட்டு, எது ஒரே சீராக வருகிறது என்று கவனியுங்கள். எந்த அலைவரிசையில் இருக்கிறோம் என்பது பல ஆண்ட்ராய்டு போன்களில் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரத்தைத் தொட்டால் Frequency என்ற இடத்தில் தெரியும்.

பட்டியலில் ஒரே பெயர்தான் தெரிகிறதென்றால் ரூட்டர் இரண்டையும் ஒன்றாக இணைத்து வைத்திருக்கக்கூடும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168.1.1 போன்ற முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டி உள்ளே போய், Smart Connect அல்லது Band Steering என்பதை அணைத்து, இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். மாடியிலேயே பெரும்பாலும் இருக்கும் போனில் 5-இன் பெயரை ‘மறந்துவிடு’ என்று நீக்கிவிடுங்கள். இரண்டும் சேமிக்கப்பட்டிருந்தால் அது வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் 5-க்கே ஓடும். எல்லா அறைக்கும் போனோடு நடமாடுபவர்களுக்கு இது கொஞ்சம் தொந்தரவுதான். அவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது கையால் மாற்றலாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்தக் கணக்கு பிசகும். அங்கே 2.4-இல் பக்கத்து வீடு, மேல் வீடு, எதிர் வீடு என்று எல்லோருடைய ரூட்டரும் நெருக்கியடிக்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் உலவுவது அதே அலைவரிசையில்தான். ரூட்டர் பக்கத்திலேயே இருந்தும் 2.4 மெதுவாக, அதுவும் எல்லோரும் வீட்டிலிருக்கும் இரவு நேரத்தில் இன்னும் மெதுவாகப் போனால் காரணம் நெரிசல்தான். ரூட்டர் அமைப்பில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வைத்து, அகலத்தை 20 என்று குறையுங்கள். நடுவில் 3, 4 என்று வைத்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். அதற்கும் மசியாவிட்டால் அங்கே 5-தான் வழி. ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, வீட்டின் நடுவில், உயரமான இடத்தில் வைக்க வேண்டியிருக்கும்.

2.4-உம் -75-க்குக் கீழே போகிற அறை என்றால் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து இரண்டாவது ரூட்டரை வைப்பதே நம்பத்தக்க தீர்வு. ரிப்பீட்டர் வாங்குவதாக இருந்தால் சிக்னல் செத்த அறையில் வைக்காதீர்கள், பாதி வழியில் வையுங்கள். அப்போதும் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

5 நன்றாக இருக்கிறதே என்று 2.4-ஐ அடியோடு அணைத்துவிடவும் வேண்டாம். ஸ்மார்ட் பல்பு, வாசல் கேமரா போன்றவற்றில் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். அதிக வேகத் திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் மாடியில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: சுவர் தடுப்பதால் அங்கே 100-இல் 30 மட்டும் வருகிறதென்றால், 300 எம்பிபிஎஸ் வாங்கினாலும் அங்கே வருவது அதே 30-தான்.