அசைவு நின்றால் கதவைத் திறப்பது யார்?

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட், ராஷ்பிகாரி அவென்யூ பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட, மூன்றாவது மாடி ஃபிளாட்டில் அம்மா மட்டும் இருப்பார். அந்த வீட்டுக்கு இப்போது சுவரில் ஒட்டும் சின்ன அசைவு உணரிகளை வாங்கி அனுப்புகிறார்கள். கேமரா இல்லை, கழுத்தில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம். குறிப்பிட்ட நேரம் வீட்டில் நடமாட்டம் இல்லையென்றால் பிள்ளையின் போன் அடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடையிலிருந்து வந்தபடியே மாட்டி விட்டால், தேவைப்படும் நாளில் அது பேசாமல் இருந்துவிடக்கூடும்.

இந்த எண்ணம் புதியதல்ல. ஜப்பானில் ஸோஜிருஷி நிறுவனம் 2001-ல் இதற்கென ஒரு மின்கெண்டியைக் கொண்டுவந்தது. முதியவர் தேநீருக்கு வெந்நீர் எடுத்தாரா என்பதை அது பிள்ளைகளுக்குத் தெரிவிக்கும். வழக்கமாக நடக்கும் ஒரு காரியம் இன்று நடக்கவில்லை என்பதைக் கவனித்த முறை அது. இன்றைய உணரிகளிலும் அடிப்படை அதுவே.

ஒரு வீட்டை மனத்தில் வைத்துப் பார்ப்போம். 76 வயது அம்மா. காலை 5.30-க்கு எழுந்து குளியலறை, 6 மணிக்குள் சமையலறையில் காபி. 8 மணிக்கு வேலைக்கார மாஷி வருவார். மதியம் 1.30 முதல் 4 வரை தூக்கம். இரவில் இரண்டு தடவை குளியலறைக்கு எழுவார். பெட்டியில் வந்த விதி, 'ஆறு மணி நேரம் அசைவில்லை என்றால் எச்சரி' என்பது. காலை 5.45-க்குக் குளியலறையில் விழுந்து அசைய முடியாமல் கிடந்தால், எச்சரிக்கை வருவது 11.45-க்கு. அதற்குள் மாஷி மணி அடித்துப் பார்த்து, பக்கத்து வீட்டைத் தட்டியிருப்பார். காசு கொடுத்து வாங்கிய கருவி மாஷியைவிட ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாமதம்.

விழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பதையே மருத்துவர்கள் தனி ஆபத்தாகக் கருதுகிறார்கள். உடல் அழுந்திக் கிடக்கும் இடத்தில் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். நீர்ச்சத்து இறங்கும், தோல் புண்ணாகும். ஆகவே நாள் முழுவதற்கும் ஒரே கெடு போதாது. இந்த வீட்டுக்கு மூன்று விதிகள் போதும். காலை 6.45-க்குள் சமையலறையில் அசைவு தென்படாவிட்டால் எச்சரிக்கை. குளியலறையில் அசைவு தெரிந்தபின் 40 நிமிடம் வேறெந்த அறையிலும் அசைவில்லை என்றால் எச்சரிக்கை. இது இரவுக்கும் பொருந்தும். பகலில் இரண்டரை மணி நேரம், மதியத் தூக்கத்துக்கு மட்டும் மூன்றரை மணி நேரம் என்று கெடு. வாசற்கதவில் ஒரு காந்த உணரி இருக்க வேண்டும். கதவு திறந்து மூடியபின் உள்ளே அசைவே இல்லையென்றால், அம்மா கடைக்குப் போயிருக்கிறார் என்று கணக்கு. இந்த எண்களை யாரும் ஊகித்து வைக்கக் கூடாது. முதல் சில வாரம் எச்சரிக்கையை அணைத்து, பதிவை மட்டும் பார்த்து, அவருடைய மிக நீளமான அமைதி நேரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். குளிர்காலத்தில் எழும் நேரம் தள்ளிப்போகும். அப்போது மறுபடி பாருங்கள்.

குளியலறை விதியை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விழுந்தவர் எழ முயன்று கையை அசைத்தால் உணரி அதையும் நடமாட்டம் என்றே எடுத்துக்கொள்ளும். 'அசைவில்லை' என்ற கடிகாரம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஓடும். உதவிக்குத் தவிப்பவரின் அசைவே எச்சரிக்கையைத் தடுத்துவிடும். 'ஒரே இடத்தில் மட்டும் அசைவு' என்பதையும் ஆபத்தாகக் கருதும் விதி இருந்தால்தான் இது பிடிபடும்.

கொல்கத்தாவுக்கே உரிய சிக்கல் வெயில். இந்த உணரிகள் உடலின் வெப்பத்துக்கும் அறையின் வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் காண்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் அறைச் சூடு தோலின் சூட்டை நெருங்கும்போது கண்டறியும் தூரம் குறைந்துவிடும். டிசம்பரில் சரியாக இருந்த ஏற்பாடு மே மதியத்தில் வீண் எச்சரிக்கைகளாகக் கொட்டும். சலித்துப்போய்க் குடும்பம் அதை அணைத்துவிடும். வெப்பத்தைச் சாராத ஒரு சாட்சி வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்த உணரி போதுமானது.

இன்னொன்று, கருவியின் மௌனம். மின்வெட்டு, வைஃபை கோளாறு, தீர்ந்த பேட்டரி எதுவானாலும் பிள்ளையின் போனில் தெரிவது அமைதி மட்டுமே. வீட்டுக்கு வெளியே இருக்கும் சேவை, 'அந்த வீட்டிலிருந்து ஒரு மணி நேரமாகச் சமிக்ஞையே வரவில்லை' என்று தனியாகச் சொல்ல வேண்டும். வாங்குமுன் ரவுட்டரை அணைத்து வைத்துச் சோதியுங்கள். எதுவும் வராவிட்டால் அதை வாங்காதீர்கள்.

இனி கதவு. பெங்களூரில் போன் அடிக்கிறது. லேக் மார்க்கெட்டில் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது, வெளியே இரும்புக் கேட். சாவியால் வெளியிலிருந்து திறக்கும் பூட்டு மட்டும் போட்டு, உள்தாழைக் கழற்றிவிட அம்மா சம்மதிக்க வேண்டும். சாவி நடந்து வரும் தூரத்தில் இரண்டு பேரிடம் இருக்கட்டும். எச்சரிக்கை வந்தால் முதலில் அம்மாவுக்குப் போன். ஐந்து நிமிடம் பதிலில்லை என்றால் சாவி வைத்திருப்பவர், அவரும் கிடைக்காவிட்டால் 112. இரவு ஒன்றரை மணிக்குக் குறுஞ்செய்தி யாரையும் எழுப்பாது. ஒலிக்கும் அழைப்பாகவே வரவேண்டும்.

காவல் துறையிடம் முன்பே பதிந்து வைப்பது நல்லது. கொல்கத்தா காவல்துறை, தி பெங்கால் அமைப்புடன் சேர்ந்து 2009-ல் தொடங்கிய பிரணாம் திட்டம் தனியாக வாழும் மூத்தோருக்கானது. மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் கீழ் மத்திய அரசு தந்த மாதிரி விதிகளும், தனியாக வாழும் மூத்தோரின் பட்டியலை ஒவ்வொரு காவல் நிலையமும் வைத்திருக்க வேண்டும், மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்கின்றன. உங்கள் தானாவில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆலோசனைக்கு மூத்தோர் உதவி எண் 14567.

அம்மாவின் உரிமை இதில் எங்கே நிற்கிறது? அவர் எத்தனை முறை குளியலறைக்குப் போனார், எப்போது வீடு பூட்டியிருந்தது என்பதெல்லாம் அந்தப் பதிவில் இருக்கும். தவறான கையில் போனால் அது திருடனுக்கு அட்டவணை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. கொடுத்த அதே எளிமையோடு அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் கடமைகள் படிப்படியாகவே அமலாகின்றன. மேலும், சொந்த வீட்டுக் காரியத்துக்காகத் தனிநபர் தரவைக் கையாள்வதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதாவது மகன் தாயை எந்நேரமும் கண்காணித்தால் இந்தச் சட்டத்தில் முறையிட முடியாது. அதனால் குடும்பத்துக்குள்ளேயே பேசி முடிவு செய்ய வேண்டும். எச்சரிக்கை மட்டும் பிள்ளைக்குப் போகட்டும், அன்றாடப் பதிவு அம்மாவின் அனுமதியில்லாமல் திறக்கப்படக் கூடாது. விருந்தினர் வரும் நாளில் அணைத்து வைக்க அவர் கையிலேயே ஒரு பொத்தான் இருக்கட்டும்.

மாதக் கட்டணம் வாங்கும் சேவை எச்சரிக்கை அனுப்பத் தவறினால் அது சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் அம்மா வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. முதலில் 1915-ல் புகாரைப் பதியலாம். ஆதாரமாக ரசீதும், 'இத்தனை நிமிடத்தில் எச்சரிப்போம்' என்று அவர்கள் எழுதிக் கொடுத்த வாசகமும், அன்றைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும். பல செயலிகள் பழைய பதிவை அழித்துவிடும் என்பதால், ஏதாவது நடந்த அன்றே படமெடுத்து வையுங்கள்.