இருப்பு எப்படி மைனஸ் ஆகிறது?

பவானி ஜமக்காளக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணினியில் இருப்பு 10. அடக்கவிலை தலா 600 ரூபாய். திங்களன்று தறிக்காரர்களிடமிருந்து 650 ரூபாய் விலையில் 40 வந்து இறங்குகிறது. ஆனால் வரவு பதியவில்லை. செவ்வாயன்று 25 விற்று பில் போடுகிறார்கள். திரையில் இருப்பு -15. சரக்கு குறையவில்லை, பதிவுதான் பிந்திவிட்டது.

இருப்பைச் சரிசெய்யும் பதிவில் 15-ஐக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. பிறகு வரவுச்சீட்டைப் பதியும்போது அந்த 15 கூடுதலாக நின்றுவிடும். வரவைத் திங்கள் தேதியிட்டு, விற்பனைக்கு முன்னதாகப் பதிவதே சரி. அப்போது முதலில் வந்தது முதலில் போகும் கணக்கில், பழைய 10-உம் புதிய 15-உம் விற்றதாகி அடக்கம் 15,750 ஆகும். முன்பு எல்லாமே 600 என்று எடுத்திருந்தால் 15,000. லாபம் 750 ரூபாய் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

ஈஆர்பிநெக்ஸ்டில் Allow Negative Stock என்ற அமைப்பு மைனஸ் இருப்பை அனுமதிக்கும். சரக்கு கண்முன் இருந்து, வரவை அன்றே பதிய முடிந்தால் மட்டும் திறக்கலாம். மாதக் கணக்கை முடிக்கும் முன் மைனஸ் எதுவும் மிஞ்சக் கூடாது. வரவெல்லாம் பதிந்த பின்னும் மைனஸ் நின்றால், கட்டுக்கும் உருப்படிக்கும் அலகு மாறியதா, வேறு கிடங்கில் பில் போட்டார்களா என்று பாருங்கள். கடைசியாகத்தான் எண்ணிப் பார்த்துத் திருத்த வேண்டும்.