வெந்த கைக்கு 20 நிமிடத் தண்ணீர்

திருப்பூர் வட்டாரத்து அடுப்படிகளில் பனியன் வேஸ்ட் துணிக்குப் பஞ்சம் கிடையாது. சோத்துப் பானையை இறக்கவும் அடுப்பு மேடையைத் துடைக்கவும் அதே துணிதான். மேடை துடைத்து ஈரமான துணியில் பானையைப் பிடித்தால், ஈரத்தின் வழியாகச் சூடு சட்டென்று கைக்கு ஏறும். கை தானாக விட்டுவிடும், கொதிக்கும் கஞ்சி முழங்கை வரை கொட்டும்.

பல்லடம் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். காலை 7 மணி. கம்பெனி வேன் வரும் அவசரத்தில் சோறு வடிக்கும் பெண்ணின் வலது கையில் கஞ்சி கொட்டிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் பற்பசை, மஞ்சள், இங்க் என்று தேடி ஓடுவார்கள். தேட வேண்டியது தண்ணீரை மட்டும்தான்.

கஞ்சியைத் துடைத்த பிறகும் தோலுக்குள் போன சூடு அடங்குவதில்லை. அது உள்ளே இறங்கி இன்னும் ஆழமாக வேக வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் புண் மேல் 20 நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும். 2 நிமிடத்தில் எரிச்சல் குறைந்தாலும் நிறுத்தக் கூடாது. உடனே செய்ய முடியாமல் போனாலும், 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. கை வீங்குவதற்குள் வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நனைந்த துணியையும் நீக்கலாம். ஆனால் தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை இழுக்கக் கூடாது. நைட்டி, சேலையில் இருக்கும் பாலியஸ்டர் உருகி ஒட்டினால், இழுக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும்.

வெயில் காலத்தில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வரும். முதலில் அதைக் கொஞ்சம் ஓடவிட்டு, நல்ல கையால் தொட்டுப் பார்த்த பிறகே புண்ணில் விட வேண்டும். குழாய்த் தண்ணீர் வராத நாள் என்றால், குடத்துத் தண்ணீரைச் சொம்பால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அல்லது சுத்தமான வாளித் தண்ணீரில் கையை முக்கி வைத்து, தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்றலாம். பானைத் தண்ணீரின் குளிர்ச்சி போதும். ஐஸ் வேண்டாம், அது வெந்த தோலை மேலும் கெடுக்கும். குழந்தைக்கோ, உடம்பில் பெரும்பகுதி வெந்தவருக்கோ ஊற்றும்போது, வெந்த இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்வையால் மூட வேண்டும். நடுக்கம் எடுத்தால் ஊற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

20 நிமிடம் முடிந்ததும் புண்ணை மூட வேண்டும். இதற்குப் பனியன் வேஸ்ட் ஆகாது. அதன் நூலும் பஞ்சும் புண்ணில் ஒட்டும், பிரிக்கும்போது தோலைப் பிய்க்கும். பனியனை மடித்துப் போடும் புது பாலிபேக் இருந்தால் நல்லது. கையை அதற்குள் நுழைத்து, மணிக்கட்டுக்கு மேலே தளர்வாகக் கட்டினால் போதும். அது ஒட்டாது, காற்றும் தூசியும் படாது, டாக்டர் பிரிக்காமலே புண்ணைப் பார்க்கலாம். முகத்தில் மட்டும் பாலிதீன் போடவே கூடாது. பாலிபேக் இல்லாவிட்டால், துவைத்து உலர்த்திய பழைய வேட்டித் துணியை இறுக்காமல் போர்த்தலாம்.

எப்போது மருத்துவமனைக்குப் போவது? அடிபட்டவரின் சொந்த உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அவர் உடம்பில் ஏறத்தாழ 100-இல் ஒரு பங்கு. புண் அதைவிடப் பெரிதாக இருந்தால் போக வேண்டும். முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தால், சிறியதாக இருந்தாலும் போக வேண்டும். பச்சைக் குழந்தை, வயதானவர், கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி ஆகியோருக்குத் தயக்கமே வேண்டாம். நம் பெண்ணுக்கு வெந்தது முன்கை முழுவதும், அதனால் வேன் போனாலும் அவர் போக வேண்டியது மருத்துவமனைக்கே.

பலரும் ஏமாறுவது வலி விஷயத்தில்தான். தோல் வெளுத்தோ, கருகியோ, தடித்த தோல் போல விறைத்தோ இருந்து வலியே இல்லையென்றால், நரம்பு வரை வெந்துவிட்டது என்று அர்த்தம். அதுதான் ஆபத்தான புண். கேஸ் பற்றி எரிந்து புகை குடித்தவருக்குக் குரல் கம்மினாலோ, மூக்கில் கரி படிந்திருந்தாலோ, மூச்சு திணறினாலோ, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பெரிய தீப்புண்ணுக்கும் முதலில் 108, வண்டி வரும் வரை தண்ணீர்.

வாசகர் கேள்வி: கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாமா? பிறகு நெய் தடவலாமா?

பதில்: குத்தக் கூடாது. கொப்புளத்தின் மேல்தோல்தான் அடியில் இருக்கும் பச்சைப் புண்ணுக்கு மூடி. அது உடைந்தால் கிருமி உள்ளே போகும். நெய், எண்ணெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். புண்ணின் ஆழம் தெரிய, டாக்டர் அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டிவரும், அந்த வேதனை வேறு. டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.