கவரில் பணம் வேண்டாம்

நண்பன் வீட்டில் மாதக்கணக்கில் தங்கிச் சாப்பிட்டவன், கிளம்பும் நாளில் கவரில் பணம் வைத்து நீட்டினால் அந்த அம்மாவின் முகம் வாடிவிடும். "பெத்த வீட்டுல காசு குடுத்துட்டா சாப்பிடுவ?" என்று கேட்டுவிடுவார். அதற்காகச் சும்மா வந்துவிடவும் மனசு கேட்காது.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இதை அழகாகச் செய்தான். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. குரூப் 2 தேர்வுப் பயிற்சிக்காகச் சென்னை வந்து, பெரம்பூரில் நண்பன் வீட்டில் தங்கினான். விடிகாலை வகுப்பு என்பதால் அந்த அம்மா இருட்டோடு எழுந்து டிபன் கட்டிக் கொடுப்பார். கத்தரிக்காய் அவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்ததும், காரக்குழம்பு வைக்கிற நாளில் அவனுக்கு மட்டும் சின்னச் சட்டியில் முருங்கைக்காய் போட்டுத் தனியாக வைத்தார்.

தங்கியிருக்கும்போதே அவன் கைம்மாறைத் தொடங்கிவிட்டான். அரிசி டப்பா காலியாகிற நேரம் பார்த்து 25 கிலோ சிப்பம் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து இறக்கினான். திட்டினாலும் அம்மா அதைப் பிரித்து டப்பாவில் கொட்டிக்கொண்டார். பணத்தை மறுக்கிற கை அரிசியை மறுப்பதில்லை. அது எல்லோரும் சாப்பிடப்போகிற சோறு அல்லவா?

கிளம்பும்போது காலில் விழுந்து, "அந்த முருங்கைக்காய்க் குழம்ப மறக்க மாட்டேம்மா, போயிட்டு வர்றேன்" என்றான். 'எல்லாத்துக்கும் ரொம்ப நன்றி' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் காதோடு போயிருக்கும். தனக்காக அடுப்பில் ஏறிய அந்தச் சின்னச் சட்டியை இவன் கவனித்திருக்கிறான் என்று தெரிந்ததில்தான் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவன் அம்மா போன் செய்தார். என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய மரியாதை இதுதான். பிள்ளையை வளர்த்தவள், அவனுக்குச் சோறு போட்டவளிடம் நேரில் பேசினாற்போல ஆயிற்று. இந்த ஒரு போன் வராவிட்டால், மற்றது எதைச் செய்தாலும் "அவங்க வீட்டுல இருந்து ஒரு வார்த்தை வரலியே" என்ற குறை தங்கிவிடும்.

பரிசை அவன் அவசரப்பட்டுக் கொடுக்கவில்லை. கிளம்புகிற நாளிலேயே விலை உயர்ந்த பட்டுப்புடவையைக் கையில் வைத்தால், கணக்கைத் தீர்த்துவிட்டுப் போவதுபோல் ஆகிவிடும். மாசி, பங்குனியில் மிளகாய் பறித்துக் காயவைத்தபின் இரண்டு கிலோ குண்டு மிளகாயை மஞ்சள் பையில் கட்டி அனுப்பினான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய்தான் அது. சாம்பாருக்குத் தாளிக்கும்போதெல்லாம் அவன் பேச்சு அந்த வீட்டில் வரும். வேலை கிடைத்தபின்தான் நூல் புடவை எடுத்தான். அதையும் நண்பனின் தங்கையிடம் நிறம் கேட்டு எடுத்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தான்.

உங்களுக்கும் அப்படிச் சோறு போட்ட வீடு ஒன்று இருக்கும். இன்று ராத்திரி அந்த அம்மாவுக்கு ஒரு போன் போடுங்கள். பேசிவிட்டு, போனை உங்கள் அம்மாவிடம் கொடுங்கள்.