இரண்டு சரிவிலும் முந்தியவர்கள் மொத்தத்தில் பிந்தியது எப்படி?

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பு ஒரே விதமாக நடப்பதில்லை. நிலம் சற்றே சாய்ந்திருக்கும் இடங்களில், நிரையின் இரு பக்கமும் ஆளுக்கு ஒருவராக நின்று ஓர் இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடக்கிறார்கள். வெட்டுப்பட்ட கொழுந்து பின்னால் தொங்கும் பையில் போய் விழுகிறது. இயந்திரத்தோடு கால் ஊன்ற முடியாத செங்குத்துச் சரிவுகளில் கத்தரியும் கையும்தான். அங்கே ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டாலும், கீழே இயந்திரம் சேர்க்கும் எடையில் ஒரு பங்குதான் தேறும்.

இந்த வேறுபாட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. எந்தத் தோட்டத்தின் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. சிவப்புத் தொப்பி அணி, நீலத் தொப்பி அணி என இரண்டு அணிகள். ஒரு வாரத்தில் இரண்டுக்கும் தலா 50 ஆள்நாள் வேலை. ஒருவர் ஒரு நாள் உழைத்தால் அது ஓர் ஆள்நாள்.

செங்குத்துச் சரிவில் சிவப்பு அணி 40 ஆள்நாளில் 2,000 கிலோ பறிக்கிறது. ஆள்நாளுக்கு 50 கிலோ. நீல அணி அங்கே 10 ஆள்நாளில் 400 கிலோ, ஆள்நாளுக்கு 40. சிவப்பு முந்துகிறது.

மெல்லிய சரிவில் சிவப்பு அணி 10 ஆள்நாளில் 1,500 கிலோ, ஆள்நாளுக்கு 150. நீல அணி 40 ஆள்நாளில் 5,600 கிலோ, ஆள்நாளுக்கு 140. இங்கும் சிவப்புதான்.

இப்போது மொத்தத்தைக் கூட்டுங்கள். சிவப்பு அணி 50 ஆள்நாளில் 3,500 கிலோ, அதாவது 70. நீல அணி 50 ஆள்நாளில் 6,000 கிலோ, அதாவது 120. மேட்டிலும் தோற்று, மெல்லிய சரிவிலும் தோற்ற அணி மொத்தத்தில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது! கூட்டலில் பிழை எதுவும் இல்லை. பிழை நம் எதிர்பார்ப்பில் இருக்கிறது.

அந்த எதிர்பார்ப்பு பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு நல்ல விதியிலிருந்து வருகிறது. 50 என்பது 40-ஐ விடப் பெரிது, 150 என்பது 140-ஐ விடப் பெரிது. ஆகவே 50-ம் 150-ம் சேர்ந்த 200, 40-ம் 140-ம் சேர்ந்த 180-ஐ விடப் பெரிது. பெரியதோடு பெரியதைக் கூட்டினால் பெரியதுதான் வரும். இந்த விதி ஒருபோதும் பொய்ப்பதில்லை. ஆனால் மொத்தச் சராசரியைக் காணும்போது நாம் செய்வது இந்தக் கூட்டல் அல்ல.

பின்னங்களைக் கூட்டும்போது மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு ஆகாது. ஆனால் மொத்தச் சராசரிக்கு அந்த 'தப்பான' கூட்டலே சரியான வழி: கிலோவைக் கிலோவோடும் ஆள்நாளை ஆள்நாளோடும் கூட்டித்தான் வகுக்க வேண்டும்.

2000/40 > 400/10
1500/10 > 5600/40
ஆனால் (2000+1500)/(40+10) < (400+5600)/(10+40)

முதல் இரண்டு வரிகள் உண்மையாக இருந்தும் மூன்றாவது வரியில் குறி திரும்பிக்கொள்கிறது. இப்படிக் கலக்கும் பின்னம், தான் கலந்த இரண்டு பின்னங்களுக்கும் நடுவில் எங்கோ வந்து நிற்கும். எந்தப் பக்கம் கீழ் எண் கனமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். சிவப்பு அணியின் மொத்தம் 50-க்கும் 150-க்கும் நடுவில் எங்கும் இருக்கலாம். அதன் 50 ஆள்நாளில் 40 மேட்டில் போனதால் 70-க்கு இறங்கிவிட்டது. நீல அணியின் மொத்தம் 40-க்கும் 140-க்கும் நடுவில். அதன் 40 ஆள்நாள் இயந்திரத்தோடு போனதால் 120-க்கு ஏறிவிட்டது.

இது எப்போது நடக்காது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. இரண்டு அணிகளும் தங்கள் ஆள்நாளை ஒரே விகிதத்தில் பிரித்திருந்தால் குறி திரும்பாது. ஆளுக்குப் பாதி மேட்டிலும் பாதி மெல்லிய சரிவிலும் என்றால் சிவப்புக்கு 100, நீலத்துக்கு 90. ஓர் அணியின் மிகக் குறைந்த சராசரியே மற்ற அணியின் மிக உயர்ந்த சராசரியை விடக் கூடுதல் என்றாலும் திரும்ப இடமில்லை. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எச்சரிக்கை வேண்டும்.

புள்ளியியலில் இதற்கு 'சிம்ப்சன் முரண்' என்று பெயர். எட்வர்ட் சிம்ப்சன் 1951-ல் இதைப் பற்றி எழுதினார். உட்னி யூல் அதற்கு முன்பே, 1903-ல், சுட்டிக்காட்டியிருந்தார்.

தோட்டக் கணக்கு கற்பனை. ஆனால் இதே கணக்கு மலேசியாவின் இறப்பு விகிதத்தில் நிஜமாகவே இருக்கிறது. 2019-ல் மலேசியாவில் ஆயிரம் பேருக்குச் சுமார் 5 பேர் இறந்தார்கள். ஜப்பானில் சுமார் 11 பேர். அப்படியானால் ஜப்பானை விட இங்கே உடல்நலம் மேலா? வயது வாரியாகப் பிரித்தால் படம் தலைகீழ். குழந்தைகளானாலும் நடுவயதினரானாலும் முதியவர்களானாலும், அந்தந்த வயதில் இறக்கும் வாய்ப்பு ஜப்பானில்தான் குறைவு. ஜப்பானியர்களின் சராசரி ஆயுள் மலேசியர்களுடையதை விடக் கிட்டத்தட்ட பத்து ஆண்டு அதிகம்.

ஜப்பானில் அந்த ஆண்டு நூற்றுக்கு 28 பேர் 65 வயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். மலேசியாவில் 7 பேர்தான். முதுமைதான் இங்கே செங்குத்துச் சரிவு. ஜப்பான் சிவப்புத் தொப்பி போட்டிருக்கிறது: எந்தச் சரிவிலும் நன்றாகவே செய்கிறது, ஆனால் அதன் ஆட்களில் மலேசியாவை விடப் பெரிய பங்கினர் மேட்டில் நிற்கிறார்கள். அதனால்தான் நாடுகளை ஒப்பிடும்போது புள்ளியியலாளர்கள் இரண்டு நாடுகளுக்கும் ஒரே வயதுப் பங்கீட்டை வைத்து விகிதத்தை மறுபடி கணக்கிடுகிறார்கள். நாம் பாதிக்குப் பாதி என்று வைத்து 100, 90 கண்டதும் அதே வேலைதான்.

அப்படியானால் எப்போதும் பிரித்துப் பார்ப்பதே சரியா? இல்லை. நீல அணி இயந்திரத்தின் கத்தியைத் தாழ்த்திப் பிடித்து, இளங்கொழுந்தோடு முற்றல் இலையையும் சேர்த்து வெட்டுகிறது என்று வையுங்கள். 'இளங்கொழுந்து', 'முற்றல்' என்று பிரித்து ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு அணிகளை ஒப்பிட்டால், நீல அணியின் குறை கண்ணில் படாமல் போய்விடும். ஏனென்றால் அந்தப் பிரிவே அவர்கள் வேலையின் விளைவு. சரிவு அப்படியல்ல. அது வேலைக்கு முன்பே மலையில் இருப்பது. யார் எங்கே போக வேண்டும் என்று காலையில் மண்டோர் சொல்வது. வேலைக்கு முந்திய வேறுபாட்டால் பிரித்துப் பாருங்கள். வேலையால் உண்டான வேறுபாட்டால் பிரிக்காதீர்கள்.

கேள்வி என்ன என்பதையும் முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து உலர்ந்து ஒரு கிலோ தேயிலை ஆகிறது. இந்த வாரம் நீல அணியிடமிருந்து எவ்வளவு தேயிலை கிடைக்கும் என்று தொழிற்சாலை கேட்டால், மொத்தமே பதில்: 6,000 கிலோவிலிருந்து சுமார் 1,200 கிலோ. யார் திறமையான பறிப்பாளர்கள், யாருக்கு ஊக்கத்தொகை என்று கேட்டால், 70-ஐயும் 120-ஐயும் பலகையில் எழுதிப் போடுவது அநியாயம். மேட்டில் நிற்பவர்களின் கூலியைத் தீர்மானிக்கும் முன், ஆள்நாள்கள் எங்கே போயின என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.